முடிவு வெளியாகும் இரவு: ஸ்டாப் லாஸ், புட் ஆப்ஷன், அளவுக் குறைப்பு – எது காப்பாற்றும்?

ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு இன்று மாலை, சந்தை மூடிய பிறகு வருகிறது. அந்தப் பங்கு உங்கள் கையில் இருக்கிறது. இப்போதைய விலைக்கு 7 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருக்கிறீர்கள். மோசமான செய்தி வந்தால் அந்த 7 சதவீதத்தோடு நஷ்டம் நின்றுவிடும் என்று நினைத்துத் தூங்கப் போகலாமா? கூடாது என்பதுதான் பதில். அப்படியென்றால் வேறு என்ன செய்வது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பொத்தாம்பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். அதனால் உண்மையில் நடந்த ஓர் இரவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியையும் அதில் ஓட்டிப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 2, புதன்கிழமை. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு 323 டாலரில் முடிந்தது. மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் காலாண்டு முடிவு வெளியானது. ஃபேஸ்புக்கைத் தினமும் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை முதல்முறையாக முந்தைய காலாண்டை விடக் குறைந்திருந்தது. ஐபோனில் வந்த தனியுரிமை மாற்றத்தால் அந்த ஆண்டு விளம்பர வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் அடிபடும் என்றும் நிறுவனம் சொன்னது. மறுநாள் காலை பங்கு திறந்த விலை 244.65 டாலர். அன்று முடிந்தது 237.76-இல். ஒரே நாளில் 26 சதவீதத்துக்கும் மேலான சரிவு.

இப்போது கற்பனையாக ஒரு டிரேடரை வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் 2,300 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்பது அவருடைய வரம்பு. ஸ்டாப் விலை 300. ஒரு பங்குக்கு 23 டாலர் ரிஸ்க். 2,300-ஐ 23-ஆல் வகுத்தால் 100 பங்குகள். புத்தகங்களில் சொல்லித்தரும் கணக்கு இதுதான். பகலில் இது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். அந்த இரவில் என்ன ஆனது?

சாதாரண ஸ்டாப்: 300 என்று எழுதினால் 300 கிடைக்குமா

ஸ்டாப் ஆர்டர் என்பது சந்தையில் நிற்கும் ஆர்டர் அல்ல, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கட்டளை. பங்கு 300-லோ அதற்குக் கீழோ வியாபாரமானால் அது விழித்துக்கொண்டு ஒரு மார்க்கெட் ஆர்டராக மாறும். அதாவது, "கிடைத்த விலைக்கு விற்றுவிடு." 300 என்பது எழுப்பிவிடும் விலை மட்டும்தான், விற்கும் விலை அல்ல. பகலில் விலை 301, 300.50, 300 என்று படிப்படியாக இறங்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் வித்தியாசமே நம் கண்ணில் படுவதில்லை. பல மாதங்கள் அப்படியே பழகிவிட்டால், 300 என்பது யாரோ கொடுத்த உத்தரவாதம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

அந்த இரவு படிகளே இல்லை. கடைசி வியாபாரம் 323. வழக்கமான நேரத்தின் அடுத்த வியாபாரம் 244.65. நடுவில் 300 என்ற விலையில் வாங்க ஆள் இருந்தால்தானே அங்கே விற்க முடியும்? செய்தியைப் படித்த எவரும் 300 கொடுக்கத் தயாராக இல்லை. ஸ்டாப் ஆர்டரால் வாங்குபவரை உருவாக்க முடியாது. இருக்கிற வாங்குபவரிடம் நம் பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"சந்தை மூடிய பிறகும் வியாபாரம் நடக்கிறதே, அப்போது ஸ்டாப் வேலை செய்யாதா?" என்று கேட்கலாம். அமெரிக்கச் சந்தையில் மாலை 4 மணிக்குப் பிறகு 8 மணி வரை நீட்டிப்பு நேரம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான புரோக்கர்களிடம் சாதாரண ஸ்டாப் ஆர்டர் வழக்கமான நேரத்தில் மட்டுமே விழித்திருக்கும். அந்த நேரத்தில் கையால் விற்க நினைத்தால், இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லும் லிமிட் ஆர்டர் மட்டும்தான் போட முடியும். வாங்குபவர்களும் குறைவு. அதோடு, செய்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் விலை போய்விட்டிருக்கும். அன்று மாலையே நீட்டிப்பு நேரத்தில் மெட்டா 20 சதவீதத்துக்கும் மேல் இறங்கிவிட்டது.

சரி, காலையில் என்ன நடக்கும்? தொடக்க ஏலத்தில் 244.65 என்று முதல் விலை பதிவாகிறது. அது 300-க்குக் கீழே இருப்பதால் நம் ஸ்டாப் விழிக்கிறது. அதே நொடியில் 310, 305, 290 என்று ஸ்டாப் வைத்திருந்த எல்லோருடைய ஆர்டரும் விழிக்கிறது. எல்லாம் மார்க்கெட் ஆர்டர், எல்லாம் விற்பனை. நமக்குக் கிடைப்பது அந்த நெரிசலில் என்ன விலை ஓடுகிறதோ அது. 244.65-ஏ கிடைத்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு பங்குக்கு 78.35 நஷ்டம். நூறு பங்குக்கு 7,835 டாலர். 2,300 தான் என்று திட்டம் போட்டவருக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டாப் இன்னும் நெருக்கமாக, 315-இல் இருந்திருந்தாலும் விற்ற விலை அதே 244 தான். 280-இல் வைத்திருந்தாலும் அதேதான். இடைவெளிக்குள் விழும் எல்லா ஸ்டாப்புகளுக்கும் கிடைப்பது ஒரே விலை. "அடுத்த தடவை ஸ்டாப்பை இறுக்கமா வைக்கணும்" என்று பலர் இந்த அடிக்குப் பிறகு தீர்மானிக்கிறார்கள். விலை இப்படித் தாவும் இடைவெளியை கேப் என்பார்கள். கேப் விஷயத்தில் அது எதையும் மாற்றாது. சொல்லப்போனால் நிலைமை மோசமாகும். ஸ்டாப் நெருங்க நெருங்க, வகுத்தல் கணக்கு இன்னும் அதிகப் பங்குகளை வாங்கச் சொல்லும். 315-இல் ஸ்டாப் என்றால் ரிஸ்க் 8 டாலர், 287 பங்குகள். அந்தக் காலையில் அதன் நஷ்டம் 22,000 டாலரைத் தாண்டியிருக்கும்.

ஆனால் சாதாரண ஸ்டாப்பை முழுதாகத் தள்ளிவிடவும் கூடாது. அது தோற்றது விலையில்தான். வெளியேற்றும் வேலையை அது செய்தது. மெட்டா அந்த நவம்பரில் 90 டாலருக்கும் கீழே போனது. 244-இல் ஸ்டாப் வெளியே தள்ளியவர் அந்த மீதிச் சரிவைப் பார்க்காமல் தப்பித்தார்.

ஸ்டாப் லிமிட்: மோசமான விலைக்கு விற்காது, விற்கவே செய்யாது

இந்தக் கதையைக் கேட்டதும் பலர் முதலில் ஓடுவது ஸ்டாப் லிமிட்டுக்கு. ட்ரிகர் 300, லிமிட் 295. "295-க்குக் கீழே விற்காதே" என்று எழுதிவிட்டால் 244-இல் விற்கும் கொடுமை நடக்காது அல்லவா? நடக்காது. வேறொன்று நடக்கும்.

காலையில் 244.65-இல் ஆர்டர் விழிக்கிறது. விழித்ததும் அது 295-க்கு விற்பனை கேட்கும் ஒரு லிமிட் ஆர்டராக மாறுகிறது. சந்தையை விட 50 டாலர் மேலே தனியாக நிற்கிறது. யாரும் தொட மாட்டார்கள். பங்கு உங்கள் கையிலேயே இருக்கும், 237-க்கு மூடும்போதும் இருக்கும். மெட்டா மறுபடி 295-ஐத் தொட்டது 2023 ஜூலையில். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம், நடுவில் 90-க்குக் கீழே ஒரு பயணம். நீண்டகால முதலீட்டாளர் என்றால் அவர் ஸ்டாப்பே வைத்திருக்க மாட்டார், அது வேறு கதை. பாதுகாப்புக்கென்று ஆர்டர் போட்டவருக்கு இது பாதுகாப்பே இல்லை.

மோசமான செய்தி உண்மையானதாக இருக்கும்போது ஸ்டாப் லிமிட்தான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு என்பது என் கணிப்பு. சாதாரண ஸ்டாப் வலியோடாவது வெளியேற்றுகிறது. இது வலியை உங்களிடமே விட்டுவிட்டு, மறுபடி முடிவெடுக்கும் சுமையையும் தலையில் வைக்கிறது. அதுவும் மனம் கலங்கிய ஒரு காலையில்.

அப்புறம் ஏன் இப்படி ஓர் ஆர்டரைக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு ஏற்ற நாளும் உண்டு. 2015 ஆகஸ்ட் 24, திங்கள்கிழமை. வார இறுதி முழுக்கச் சீனப் பொருளாதாரம் பற்றிய பயம். அமெரிக்கச் சந்தை திறந்த சில நிமிடங்களில் டௌ ஜோன்ஸ் குறியீடு ஏறக்குறைய 1,100 புள்ளிகள் சரிந்தது. எஸ் அண்ட் பி 500 குறியீடு 5 சதவீதம் அளவுக்கு இறங்கியபோது, சந்தையில் வியாபாரமாகும் சில குறியீட்டு ஃபண்டுகள் 20 சதவீதத்துக்கும் மேல் விழுந்தன. ஃபண்டுக்குள் இருந்த பங்குகளின் மதிப்பு அவ்வளவு விழவே இல்லை. வாங்குபவர்கள் ஒதுங்கி நின்ற நேரத்தில் ஸ்டாப் ஆர்டர்கள் குவியலாக விழித்ததும் இந்த விபரீதத்துக்கு ஒரு காரணம். கொஞ்ச நேரத்தில் விலைகள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஸ்டாப் வைத்தவர்கள் மட்டும் அடிமட்டத்தில் விற்றுவிட்டு நின்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் பங்குச் சந்தை ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டது. இன்றும் புரோக்கர்கள் தங்கள் கணினியில் வைத்து அந்த வசதியைத் தருகிறார்கள், ஆனால் சந்தை தானே அதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை.

அன்று ஸ்டாப் லிமிட் வைத்தவர் ஜெயித்தார். ஆக இரண்டு ஆர்டருக்கும் உள்ள வேறுபாடு, இடைவெளி எதனால் வந்தது என்பதில் இருக்கிறது. மதிப்பு மாறாமல் வாங்க ஆள் மட்டும் காணாமல் போனால் லிமிட் நல்லது. நிறுவனத்தின் மதிப்பே மாறிவிட்டால் மார்க்கெட் நல்லது. சிக்கல் என்னவென்றால், ஆர்டரை முந்தைய நாளே போட்டாக வேண்டும், எந்த வகை இடைவெளி வரப்போகிறது என்று அப்போது தெரியாது. ஒரு குறிப்பு மட்டும் உண்டு: தனி நிறுவனத்தின் காலாண்டு முடிவுக்குப் பின் வரும் கேப் பெரும்பாலும் மதிப்பு மாறிய கேப்.

அளவைக் குறைப்பது: தவறு உண்மையில் நடந்த இடம்

நம் டிரேடரின் தவறு ஸ்டாப் வகையில் இல்லை. 2,300-ஐ 23-ஆல் வகுத்தாரே, அங்கே இருக்கிறது. 23 என்பது பகலில் செல்லும் ரிஸ்க். செய்தி வரும் இரவில் வகுக்க வேண்டிய எண் வேறு: இந்தப் பங்கு ஒரே தாவலில் எவ்வளவு தூரம் விழக்கூடும்?

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் இடம் அந்தப் பங்கின் பழைய வரலாறு. கடந்த சில ஆண்டுகளின் காலாண்டு முடிவுத் தேதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மூடிய விலையையும் மறுநாள் திறந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். மூடிய விலைக்கும் மறுநாள் மூடிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பல இணையதளங்கள் காட்டும். அது நமக்குப் பயன்படாது. ஸ்டாப் சந்திக்கப் போவது திறக்கும் விலையை. மூடிய விலையில் பார்த்தால் 3 சதவீதச் சரிவாகத் தெரியும் ஒரு நாள், காலையில் 11 சதவீதம் கீழே திறந்து பிறகு மீண்ட நாளாக இருக்கலாம். உங்கள் ஸ்டாப் அந்த 11-இல் விற்றிருக்கும்.

மெட்டாவுக்கு இதைச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 2018 ஜூலை 25 அன்று 217.50-இல் முடிந்த பங்கு, முடிவு வெளியான மறுநாள் 174.89-இல் திறந்தது. ஏறக்குறைய 20 சதவீத இடைவெளி. அதாவது 2022-இல் நடந்தது வரலாறே இல்லாத ஒன்றல்ல, நாலு வருடத்துக்குள் ஒருமுறை அதே பங்கு இதைச் செய்து காட்டியிருந்தது. 323-இல் 20 சதவீதம் என்றால் 64.60 டாலர். 2,300-ஐ அதால் வகுத்தால் 35 பங்குகள்.

35 பங்கு வைத்திருந்தால் அந்தக் காலையில் நஷ்டம் 2,742 டாலர். வரம்பை 442 டாலர் மீறியிருக்கிறது, ஏனென்றால் இந்த முறை இடைவெளி 24 சதவீதம். பழைய மோசம்தான் எல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் பழைய மோசமான கேப்போடு அதன் கால்வாசியையும் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம். இங்கே 25 சதவீதம், ஒரு பங்குக்கு 80.75, மொத்தம் 28 பங்குகள். நஷ்டம் 2,194 டாலர், வரம்புக்குள். எண் இவ்வளவு அழகாகப் பொருந்தியது தற்செயல்தான். 35 பங்கு வைத்தவர் கூட 7,835-க்குப் பதில் 2,742 தான் இழந்தார் என்பதுதான் முக்கியம். தோராயமான கணக்கே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது.

ஆப்ஷன் சந்தை இருக்கும் பங்கு என்றால் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். முன்பே குறித்த ஒரு விலையில் பங்கை வாங்கும் உரிமை கால் ஆப்ஷன், விற்கும் உரிமை புட் ஆப்ஷன். அந்தக் குறித்த விலைதான் ஸ்டிரைக், உரிமைக்காகக் கொடுக்கும் பணம் பிரீமியம். இப்போதைய விலைக்கு மிக அருகில் உள்ள ஸ்டிரைக்கில், முடிவுக்குப் பின் முதலில் காலாவதியாகும் கால், புட் இரண்டின் பிரீமியத்தையும் கூட்டிப் பங்கு விலையால் வகுத்தால், சந்தை எதிர்பார்க்கும் அசைவு தோராயமாகத் தெரியும். ஆனால் அது சராசரியான ஓர் இரவைப் பற்றிய மதிப்பீடு. அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு விழும் இரவுகள் வரும். அந்த எண்ணைத் தரையாக எடுத்துக்கொண்டு அளவு போட்டால் பழைய தவறே புது உடையில் வந்து நிற்கும்.

28 பங்கு என்றால் பலருக்கு முகம் சுருங்கும். நூறு வைத்திருந்த இடத்தில் இருபத்தெட்டா? ஆமாம். நூறு பங்கு வைத்தபோது எடுத்த ரிஸ்க் 2,300 என்று நினைத்தது மட்டும்தான் பொய். உண்மையான ரிஸ்க் அப்போதே எட்டாயிரம் பக்கம் இருந்தது.

பாதியை விற்றுவிடுவது என்ற பிரபலமான சமரசத்தையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 50 பங்குக்கு நஷ்டம் சுமார் 3,918 டாலர். மனதுக்குப் பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். வரம்பு என்னவோ உடைந்துதான் போகிறது. "பாதி" என்பது கணக்கிலிருந்து வந்த எண் அல்ல.

முழுக்க விற்றுவிட்டு, முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி வாங்குவது எப்படி? கேப் ரிஸ்க்கை முழுதாகப் பூஜ்யமாக்கும் ஒரே வழி அதுதான். சில நாள் டிரேடில் இருப்பவருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஆனால் இடைவெளி மேல்பக்கமும் வரும். சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 பிப்ரவரி 1 மாலை இதே மெட்டா முடிவு வெளியிட்டது. மறுநாள் பங்கு 23 சதவீதம் ஏறி முடிந்தது. முந்தைய வருடத்தின் சூட்டை நினைத்து விற்றுவிட்டுக் காத்திருந்தவருக்கு அந்த ஏற்றத்தில் ஒன்றும் கிடைத்திருக்காது. அடிக்கடி விற்று வாங்குவதில் வரியும் கட்டணமும் வேறு இருக்கின்றன.

புட் ஆப்ஷன்: விலை கொடுத்து வாங்கும் உத்தரவாதம்

ஸ்டாப் தருவதாக நாம் நினைத்துக்கொண்ட அந்த உத்தரவாதத்தை உண்மையிலேயே தருவது புட் ஆப்ஷன்தான். 300 ஸ்டிரைக் புட் ஒன்றை வாங்கினால், காலாவதி வரை 100 பங்குகளை 300 டாலருக்கு விற்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பங்கு 244-இல் திறந்தாலும் சரி, 150-இல் திறந்தாலும் சரி. வாங்க வேண்டிய கடமை எதிர்ப்பக்கத்தில் ஒருவருக்கு இருக்கிறது, அதற்காகத்தான் அவர் பிரீமியம் வாங்கியிருக்கிறார். ஸ்டாப்புக்கு இல்லாத அந்த "வாங்குபவர்" இங்கே முன்கூட்டியே இருக்கிறார்.

கணக்குக்காக பிரீமியம் ஒரு பங்குக்கு 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது அன்றைய உண்மை விலை அல்ல, எடுத்துக்காட்டு. 100 பங்குக்கு 600 டாலர். காலையில் பங்கு 244.65-இல் திறந்தபோது அந்தப் புட்டின் மதிப்பு குறைந்தது 55.35. மொத்த நஷ்டம்: 323-லிருந்து 300 வரை 23, அதோடு பிரீமியம் 6, ஆக 29 டாலர். நூறு பங்குக்கு 2,900. நம் டிரேடரின் 2,300 வரம்பை விடக் கூடுதல்தான், ஆனால் முந்தைய மாலையே தெரிந்த கூடுதல். இதுவரை பார்த்த வழிகளில், வீட்டுக்குப் போகும் முன் அதிகபட்ச நஷ்டத்தை ஒரு தாளில் எழுதி வைக்க முடிவது இங்கே மட்டும்தான், முழுதாக விற்றுவிட்டவரைத் தவிர.

அப்படியானால் எல்லோரும் எப்போதும் புட் வாங்க வேண்டியதுதானே? அடிக்கடி வரும் இரவுகளில்தான் இதன் செலவு தெரியும். பங்கு 310-க்கு இறங்கினால் ஸ்டாப் தொடப்படாது, நஷ்டம் 1,300. புட் வாங்கியவருக்கு 1,900 பக்கம், ஏனென்றால் 300 புட் அப்போது ஏறக்குறைய செல்லாக் காசு. 5 சதவீதம் ஏறினால் லாபம் 1,615, புட் வாங்கியவருக்கு 1,015 மட்டும். முடிவு வரும் வாரத்தில் பிரீமியம் வழக்கத்தை விட வீங்கியிருக்கும். முடிவு வந்த மறுநிமிடமே அந்த வீக்கம் வடிந்துவிடும். நீங்கள் பயந்த அதே செய்தியை ஆப்ஷன் விற்பவரும் பயந்து, விலையில் ஏற்றியிருக்கிறார். வருடத்துக்கு நாலு முறை, ஒவ்வொரு பங்குக்கும் இதைச் செய்தால் லாபத்தில் பெரிய பங்கு பிரீமியமாகவே போய்விடும். மேல்பக்கம் ஒரு கால் ஆப்ஷனை விற்று அந்தப் பணத்தில் புட் வாங்குவதும் உண்டு. அப்போது மேலே தாவும் இரவின் பலனை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

புட் வைத்திருப்பவர் காலையில் செய்யக்கூடாத ஒன்று உண்டு. திறந்த முதல் சில நிமிடங்களில் ஆப்ஷனின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். அப்போது பதறிப்போய் மார்க்கெட் ஆர்டரில் புட்டை விற்கக் கூடாது. 300-க்கு விற்கும் உரிமை எங்கேயும் ஓடிவிடாது. விலைகள் ஒழுங்காகும் வரை காத்திருக்கலாம், அல்லது உரிமையைப் பயன்படுத்திப் பங்குகளையே 300-க்குக் கொடுத்துவிடலாம். அந்த நிதானத்துக்கும் சேர்த்துத்தான் 600 டாலர் கொடுத்திருக்கிறீர்கள்.

உத்தரவாத ஸ்டாப்

கடன் வாங்கிப் பெரிய அளவில் விளையாடும் நாணய வர்த்தகத்திலும், பங்கையே வாங்காமல் அதன் விலை அசைவின் மேல் மட்டும் பணம் போடும் சிஎஃப்டி வர்த்தகத்திலும் சில புரோக்கர்கள் உத்தரவாத ஸ்டாப் தருகிறார்கள். 300 என்றால் 300 தான், இடைவெளி வந்தால் நஷ்டம் புரோக்கருடையது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, இப்போதைய விலையிலிருந்து குறைந்தபட்சத் தூரமும் விட வேண்டும். பெரிய நிகழ்வுக்கு முன் அந்தத் தூரத்தை அவர்கள் கூட்டலாம், வசதியையே நிறுத்தியும் வைக்கலாம். ஆகவே நிகழ்வு நாளன்று போய்க் கேட்பதில் பயனில்லை. பங்குச் சந்தையில் நேரடியாகப் பங்கு வாங்குபவருக்கு இப்படி ஒன்று கிடையாது.

கடனில் வர்த்தகம் செய்பவர் இதை ஏன் யோசிக்க வேண்டும் என்பதற்கு 2015 ஜனவரி 15 போதும். யூரோ 1.20 சுவிஸ் பிராங்குக்குக் கீழே போகாது என்று 2011 முதல் காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி, அன்று முன்னறிவிப்பு இல்லாமல் கையை எடுத்துவிட்டது. நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க யாருமில்லை. எஃப்எக்ஸ்சிஎம் என்ற புரோக்கர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் போட்ட பணத்தையும் தாண்டி இழந்த தொகை மட்டும் சுமார் 22.5 கோடி டாலர். அது இரவுகூட இல்லை, பட்டப்பகல். சந்தை திறந்திருக்கும்போதும் விலை தாவலாம்.

எதை எப்போது

தேதி தெரிந்த செய்தி, சில நாள் டிரேட், அந்தச் செய்தியைப் பற்றி உங்களுக்குத் தனியாக எந்தக் கருத்தும் இல்லை என்றால் விற்றுவிட்டு ஒதுங்குவதே சரி. நிறுவனத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது, வைத்திருக்க வேண்டும் என்றால் கேப்பால் வகுத்துவந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஸ்டாப்பையும் எடுக்காமல் வைத்திருங்கள். காலையில் வெளியே தள்ளுவதற்கு அது வேண்டும். அளவைக் குறைக்க முடியாத கட்டாயம் இருந்தால், உதாரணமாக விற்றால் பெரிய வரி வரும் என்றால், அந்த ஓர் இரவுக்குப் புட் வாங்குவது நியாயமான செலவு. ஸ்டாப் லிமிட்டைத் தனிப் பங்கின் காலாண்டு முடிவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பரவலான குறியீட்டு ஃபண்டு வைத்திருப்பவருக்கு, லிமிட்டைக் கொஞ்சம் தாராளமாக விட்டு வைத்தால் அது பொருந்தலாம்.

ஷார்ட் செய்தவருக்கு, அதாவது விலை இறங்கும் என்று கடன் வாங்கிய பங்கை முதலில் விற்றவருக்கு, கணக்கு இன்னும் கடுமை. கீழே விழும் பங்கு பூஜ்யத்தில் நின்றுவிடும், மேலே தாவும் பங்குக்குக் கூரை கிடையாது. 2023 பிப்ரவரியில் மெட்டாவை ஷார்ட் செய்து, மேலே ஸ்டாப் வைத்தவருக்கு நடந்தது நம் டிரேடரின் கதையேதான், தலைகீழாக. அவருக்குப் புட்டின் இடத்தில் கால் ஆப்ஷன்.

ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் நகரக் கூடாது என்று வரம்பு வைக்கும் சந்தைகளில், கேப் ஒரே தாவலாக வராமல் தவணை முறையில் வரும். பங்கு கீழ் வரம்பில் திறந்து அங்கேயே உறைந்துவிடும். ஸ்டாப் விழித்து விற்பனை வரிசையில் போய் நிற்கும், முன்னால் லட்சக்கணக்கான பங்குகள், எதிரே வாங்க ஆளில்லை. மறுநாள் அடுத்த வரம்பு. திரையில் 5 சதவீதச் சரிவு மாதிரி தெரிவது உண்மையில் இன்னும் முடியாத சரிவு. ஆர்டர் புத்தகத்தில் வாங்கும் பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை இரவு இருக்கிறது, அதற்குத் தேதி கிடையாது. கணக்கில் மோசடி வெளிவருவது, ஒழுங்குமுறை அமைப்பின் தடை, மருந்துச் சோதனை தோல்வி. அதற்காக ஆண்டு முழுக்கப் புட் வாங்கிக்கொண்டிருக்க முடியாது, விற்று ஒதுங்கவும் முடியாது. அங்கே ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: இந்தப் பங்கு நாளை காலை பாதி விலையில் திறந்தால் என் மொத்தக் கணக்கில் எத்தனை சதவீதம் போகும்? மொத்தப் பணத்தில் 10 சதவீதம் ஒரே பங்கில் இருந்தால் பதில் 5. 40 சதவீதம் இருந்தால் 20, அதுவும் கடன் இல்லாமல் வாங்கியிருந்தால். கடனில் இரட்டிப்பாக வாங்கியிருந்தால் அந்தப் பங்கில் சொந்தமாகப் போட்ட பணம் முழுக்கப் போய்விடும். பாதிக்கும் சற்றுக் கீழே திறந்தால் புரோக்கருக்கு மேலும் கட்ட வேண்டியிருக்கும். ஸ்டாப் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.